ஊசி போட்டதும் பிள்ளைகள் ஏன் மயங்கி விழுகிறார்கள்?

நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொரு டி.டி. ஊசி உண்டு. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான ஊசி அது. பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் போட்டுவிடுவார்கள். அந்த நாளில் ஒரு பள்ளியில் என்ன நடக்கும் என்பதற்கு பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கவிதா என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் அவசரத்தில் சாப்பிடவில்லை, அரை டம்ளர் டீ மட்டும். அரைமணி நேரம் பிரேயரில் நின்றாள். பிறகு வராந்தாவில் வரிசை. முன்னால் நிற்பவள் அழுகிறாள், உள்ளே போய் வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு “செம வலிடி” என்கிறாள். கவிதாவின் முறை வருகிறது. சிஸ்டர் “கையைத் தொங்கப் போடும்மா” என்று சொல்லி, மேல்கைத் தசையில் அரை மில்லி மருந்தை ஏற்றிவிட்டுப் பஞ்சை அழுத்துகிறார். மொத்தமே சில நொடிகள்தான். கவிதா எழுந்து, ஒன்றும் ஆகாதவள் போல வெளியே நடக்கிறாள். இரண்டு நிமிடம் கழித்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, “காது அடைக்குதுடி” என்கிறாள். தோழி திரும்பிப் பார்க்கும்போது உதடு வெளுத்திருக்கிறது, நெற்றியில் வேர்வை. பிடிப்பதற்குள் சரிந்துவிடுகிறாள். கை இரண்டு மூன்று தடவை வெட்டி இழுக்கிறது.

அடுத்து நடப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் “வலிப்பு, வலிப்பு” என்று கத்துகிறார். ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். மாலைக்குள் “ஊசியில் ஏதோ கோளாறு” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும்.

இவற்றில் ஒன்றுகூட உதவாது. உட்கார வைப்பது தீங்காகவே முடியலாம். ஏன் என்று புரிய, அந்த இரண்டு நிமிடத்தில் கவிதாவின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஏற்றம், பிறகு இறக்கம்

பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வரிசையில் நின்றபோது கவிதாவுக்கும் அப்படித்தான். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 110 வரை போயிருக்கும், பிரஷரும் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். இந்த நிலையில் யாரும் மயங்குவதில்லை. மற்ற பயங்களெல்லாம் இங்கேயே நின்றுவிடும். நாயைக் கண்டு பயப்படுகிறவர் ஓடுவார், மயங்கி விழமாட்டார்.

ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டு வரும் பயத்துக்கு மட்டும் இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது. ஏறிய அழுத்தம் சட்டென்று கீழே விழும். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுகிறது. 110 ஆக இருந்த துடிப்பு 50, 45 என்று குறையலாம். அதே சமயம் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருந்த நரம்புச் செய்தி நின்றுவிடுவதால், கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் மருத்துவர்கள் வேசோவேகல் மயக்கம் என்கிறார்கள்.

நிற்கும்போது சாதாரணமாகவே அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும். குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளுவதால்தான் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. குழாய் தளர்ந்துபோனால் அந்த ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் வேகம் குறைந்தால் முதலில் வறளுவது மேல்மாடிதான். உடம்பில் அந்த மேல்மாடி தலை. மூளைக்குப் போகும் ரத்தம் ஆறு முதல் பத்து நொடி போதாமல் போனாலே நினைவு தப்பிவிடும். அதற்கு முன்னால் கண்ணுக்கும் காதுக்கும் ரத்தம் குறைவதால்தான் கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது.

கீழே விழுந்தவுடன் தலை இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. மூளைக்கு ரத்தம் ஏறுவதற்கு இப்போது எந்த மோட்டாரும் சிரமப்பட வேண்டியதில்லை. அதனால்தான் பெரும்பாலானவர்கள் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் கண் திறந்துவிடுகிறார்கள். மயங்கியவர் விழுவதே ஒரு வகையில் உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். அப்படிப் படுத்துக் கிடக்கிறவரைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி வைத்தால் அந்த வைத்தியத்தைக் கலைப்பதாகத்தானே அர்த்தம்? மயக்கம் நீளும். மூளை தொடர்ந்து ரத்தமில்லாமல் கிடந்தால் கைகால் இழுப்பும் வரும்.

மருந்தால் வந்தது இல்லையா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். இந்த மயக்கம் சிரிஞ்சில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதும் இதே மயக்கம் வருகிறது. அங்கே உடம்புக்குள் எதுவும் போவதில்லை, வெளியே வருவது மட்டும்தான். காது குத்தும்போது மயங்கியவர்கள் உண்டு. ஊசியைப் பார்த்ததுமே, மருந்து தோலைத் தொடுவதற்கு முன்பே சரிந்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை மயங்குவதும் புதிதில்லை.

“ரத்தம் இல்லை, சத்து இல்லை, அதான்” என்ற பேச்சும் உடனே எழும். நன்றாகச் சாப்பிட்டு, கபடி ஆடுகிற பையனும் இப்படி விழுவான். ரத்தசோகை இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்தான். ஆனால் ஊசி போட்ட இரண்டாவது நிமிடத்தில் வந்த மயக்கத்துக்கு அதைக் காரணமாக்குவதில் பொருளில்லை. “சுகர் இறங்கிடுச்சு” என்பதும் அப்படியே. சர்க்கரை இறங்கி மயங்கியவர் படுக்க வைத்த அரை நிமிடத்தில் தெளிந்து எழமாட்டார்.

அமெரிக்காவில் தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பிரச்சினைகளைப் பதிவு செய்ய ஒரு தேசிய அமைப்பு 1990 முதல் இருக்கிறது. 1990 முதல் 1995 வரை அதற்கு வந்த 697 மயக்கப் புகார்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் மயங்கினார்கள் என்று தெரிந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்துக்குள்ளும், 89 சதவீதம் பேர் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் மயங்கியிருந்தார்கள். ஊசி போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. அந்த 697 பேரில் ஆறு பேருக்கு விழுந்த வேகத்தில் மண்டையோட்டிலோ மூளையிலோ காயம். அவர்களில் மூன்று பேருக்கு மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஊசியோ மயக்கமோ அவர்களுக்கு அந்தக் காயத்தைத் தரவில்லை, தரை தந்தது. கவிதா நின்றது படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்பதை மறக்க வேண்டாம்.

ஏன் இந்த வயதில்?

கைக்குழந்தைக்கு எத்தனையோ ஊசி போடுகிறோம், வீறிட்டு அழுமே தவிர மயங்குவதில்லை. அறுபது வயதுக்காரர் இன்சுலினைத் தானே போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறார். இடையில் இருக்கும் பதின்வயதில்தான் இந்த அனிச்சைச் செயல் உச்சத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி மயங்குகிறவர்களின் கணக்கை எடுத்தால் பதினைந்து வயதை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். வேகமாக உயரம் கூடும் காலம், நரம்புகள் ரத்தக் குழாய்களை ஆளும் முறை இன்னும் நிலைபெறாத காலம் என்பது ஒரு காரணம்.

ஆனால் நடைமுறையில் நான் அதிகம் குற்றம் சொல்வது நாம் ஊசி போடும் விதத்தைத்தான். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது பழக்கம். பள்ளிக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! தண்ணீர் குறைந்த உடம்பில் சுற்றும் ரத்தத்தின் அளவே குறைவு. அதன்மேல் வெயில், புழுக்கம், நீண்ட நேரம் நிற்பது, அழுகிறவளைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். பயந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, தலை சுற்றும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற வயது வேறு.

பெண்பிள்ளைகள்தான் மயங்குவார்கள் என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு வந்த மயக்கப் புகார்களில் பெண்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி அப்போது பெண்களுக்கு மட்டுமே போடப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே பெண்கள் அதிகம் என்றால் மயங்கியவர்களிலும் அதிகமாகத்தான் இருப்பார்கள். அந்தக் காலப் புகார்களில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோன ஒருவர் பதினைந்து வயதுப் பையன்.

இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளைக்கு அந்த இயல்பு வரும் வாய்ப்பு அதிகம். “எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விழுவதற்கு முன் கிடைக்கும் நேரம்

நல்ல வேளையாக, இந்த மயக்கம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. முகம் வெளிறும். உள்ளங்கையும் நெற்றியும் சில்லென்று வேர்க்கும். கொட்டாவி வரும், வயிற்றைப் புரட்டும். கண்ணில் பூச்சி பறக்கும், பேச்சுச் சத்தம் தூரத்திலிருந்து வருவது போலக் கேட்கும். இது சில நொடிகளும் இருக்கலாம், ஒன்றிரண்டு நிமிடமும் இருக்கலாம். இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருக்கும் இடத்திலேயே படுத்துவிட வேண்டும். வராந்தாவானால் வராந்தா, தரை அழுக்கானால் அழுக்கு. “தண்ணி குடிச்சா சரியாயிடும்” என்று குழாயடிக்கு நடந்து போகிற பிள்ளைதான் வழியில் விழுகிறது. கழிப்பறைக்குத் தனியாகப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது இன்னும் மோசம்.

படுக்க இடமே இல்லையென்றால் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு இடையே குனிந்து வைக்கலாம். படுப்பது கூடுதல் பலன் தரும்.

மயங்கிவிட்டவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை ஒரு முழம் அளவுக்கு உயர்த்தி வையுங்கள். இரண்டு புத்தகப் பைகள் போதும். கழுத்துப் பட்டனையும் இடுப்பு பெல்ட்டையும் தளர்த்துங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர், சோடா, குளுக்கோஸ் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. படுத்ததால் தெளிந்தவர், தண்ணீர் தெளித்ததால் தெளிந்தார் என்று பெயர் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கண் திறந்ததும் எழுப்பிவிடாதீர்கள். இரண்டாவது மயக்கம் இங்கேதான் வருகிறது. குறைந்தது பத்து நிமிடம் படுத்திருக்கட்டும். பிறகு சில நிமிடம் உட்காரட்டும். அப்புறம் ஒருவர் பக்கத்தில் இருக்க, நிற்கட்டும். வீட்டுக்கு சைக்கிளில் தனியாக அனுப்ப வேண்டாம்.

அந்த வெட்டி இழுப்பு

கவிதாவின் கை இரண்டு மூன்று தடவை இழுத்ததே, அது வலிப்பு நோயா? மூளைக்கு ரத்தம் குறையும்போது சிலருக்கு இப்படிச் சில நொடிகள் கைகால் வெட்டும். இது சாதாரண மயக்கத்தின் பகுதிதான். கண் திறந்தே இருக்கலாம், சிறுநீர் பிரிந்துவிடுவதும் உண்டு. அதனால் இவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. எழுந்த பிறகு எப்படி இருக்கிறார் என்பதுதான் பெரிய துப்பு. மயங்கியவர் தெளிந்ததும் “என்னாச்சு, விழுந்துட்டேனா?” என்று கேட்பார், பெயர் சொன்னால் திரும்புவார், எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். வலிப்பு வந்தவருக்கு இழுப்பே ஒன்றிரண்டு நிமிடம் நீடிக்கும். முடிந்த பிறகும் பல நிமிடங்களுக்குக் குழப்பம், தூக்கம், தலைவலி இருக்கும். நாக்கின் ஓரத்தில் பல் கடித்த காயம் இருந்தாலும் வலிப்பின் பக்கம்தான் சந்தேகம் போகும்.

சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் மயக்கமும் தெளியாது, வலிப்பும் நிற்காது. இரண்டும் தானாக அடங்கும் நேரத்தில் சாவி கையில் இருந்ததால் அதற்கு இந்தப் பெயர்.

பயப்பட வேண்டிய மயக்கம்

ஊசிக்குப் பின் வரும் கடுமையான ஒவ்வாமை மிக அரிது. தடுப்பூசிகளைப் பொறுத்தவரை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அதை மயக்கம் என்று தவறாக நினைத்துப் படுக்க வைத்துக் காத்திருந்தால் உயிர் போகலாம். அதனால் வித்தியாசம் தெரிய வேண்டும்.

நாடியைத் தொட்டுப் பாருங்கள். மயக்கத்தில் மெதுவாகத் துடிக்கும், ஒவ்வாமையில் வேகமாக, மெலிந்து ஓடும். மயக்கத்தில் தோல் வெளுத்துச் சில்லென்று இருக்கும். ஒவ்வாமையில் பெரும்பாலும் அரிப்போடு தடித்துச் சிவக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கலாம். மயக்கத்தில் மூச்சு வழக்கம்போல இருக்கும். ஒவ்வாமையில் இருமல், மூச்சு இழுப்பு, குரல் கம்முதல், தொண்டை அடைப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, படுக்க வைத்ததும் மயக்கம் தெளிகிறது, ஒவ்வாமை தெளிவதில்லை. படுக்க வைத்து ஓரிரு நிமிடமாகியும் நினைவு வராவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, உடம்பு தடித்தாலோ காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டவரிடம் அட்ரினலின் இருக்கும். தொடைத் தசையில் அதைப் போட வேண்டியது அவர் பொறுப்பு. கூடவே 108-ஐ அழைத்துவிட வேண்டும். ஒவ்வாமையில் பெரும்பகுதி முதல் அரைமணிக்குள் தெரிந்துவிடும். அதனால்தான் நம் தடுப்பூசி மையங்களில் அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். மயக்கத்துக்கு முதல் பதினைந்து நிமிடம், ஒவ்வாமைக்கு முழு அரைமணி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். இவர்கள் வெளிறிச் சரிவதில்லை, படபடப்பாகவே இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொன்னால் அடங்கிவிடும்.

தடுப்பது எப்படி?

முன்பு ஒரு தடவை மயங்கியவருக்கு நான் சொல்வது, படுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். படுத்திருப்பவர் விழ முடியாது. ஒரு பெஞ்ச் இருந்தால் போதும். “சிஸ்டர், எனக்கு ஊசி போட்டா மயக்கம் வரும், படுத்துக்கறேன்” என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? ஊசி முடிந்த பிறகும் அந்தப் பதினைந்து நிமிடம் அங்கேயே படுத்திருக்கலாம்.

காலையில் இட்லியோ கஞ்சியோ, ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். ரத்ததானம் செய்பவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், அரைமணிக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு மயக்கம் குறைந்தது தெரிந்திருக்கிறது. ஊசிக்கும் அதே வழியைப் பின்பற்றுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்ததாகச் சொல்லப்போவது பலருக்குத் தெரியாத ஒரு வித்தை. 1980-களில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், ரத்தத்தைக் கண்டு மயங்குகிறவர்களுக்காக இதை உருவாக்கினார். பயப்படுகிறவர்களிடம் வழக்கமாக “உடம்பைத் தளர்த்து, ரிலாக்ஸ் ஆகு” என்போம். மயங்கும் இயல்புள்ளவர்களுக்கு இது நேர் எதிரான அறிவுரை. ஏற்கெனவே குழாய்கள் தளர்ந்துதான் பிரச்சினை. அவர்கள் தசைகளை இறுக்க வேண்டும். தொடை, கெண்டைக்கால், பின்பகுதி, வயிறு ஆகியவற்றை ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்து, முகத்தில் கொஞ்சம் சூடு ஏறுவது தெரியும்வரை, பத்துப் பதினைந்து நொடி வைத்திருக்க வேண்டும். பிறகு முழுக்கத் துவண்டுவிடாமல் வழக்கமான நிலைக்கு வந்து, இருபது முப்பது நொடி இடைவெளி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. இறுகிய தசை கால்களில் தேங்கிய ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது, பிரஷர் இறங்காமல் நிற்கிறது. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, சாதாரணமாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஊசி போடும் கையையும் இறுக்கக் கூடாது. இறுகிய தசையில் ஊசி இறங்கினால் வலி கூடும். இந்தக் கையைத் தொங்கவிட்டு மற்றதையெல்லாம் இறுக்குவது முதல் தடவையில் வராது. ஊசிக்கு முந்தைய சில நாள் வீட்டில் செய்து பார்த்தால் பழகிவிடும்.

வெறும் பயம் மட்டும் உள்ள, ஒருபோதும் மயங்காத பிள்ளைக்கு இது தேவையில்லை. அவர்களுக்கு மெதுவாக மூச்சு விடுவதும் வேறு பக்கம் பார்ப்பதும் போதும்.

பள்ளியில் ஒருவர் விழுந்தால்

ஜோர்டான் நாட்டில் 1998 செப்டம்பரில் பள்ளிகளில் இதே டி.டி. ஊசி போட்டார்கள். 800-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள், 122 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விசாரித்துப் பார்த்ததில் மிகப் பெரும்பாலானவர்களின் தொந்தரவுக்கு மருந்து காரணமில்லை, பதற்றம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியிருந்தது என்று தெரிந்தது. அவர்கள் நடித்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் உண்மையானவை. தொடக்கம்தான் ஊசியில் இல்லை, கண்ணில் பட்ட காட்சியில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்காகவே தனிக் கையேடு வெளியிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் கவிதாவின் பள்ளியில் மாற்ற வேண்டியது மருந்தை இல்லை, அறையை. ஊசி போடும் அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும், வரிசையில் இருப்பவர் கண்ணில் அது படக் கூடாது. வரிசை நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கலாம். ஊசி போட்டவர்கள் வந்த வழியே திரும்பாமல் வேறு வாசல் வழியாகப் போய், ஒரு ஆசிரியர் கண்காணிக்கும் அறையில் உட்கார வேண்டும், அங்கே தரையில் இரண்டு பாய் விரித்திருக்க வேண்டும். மயங்கும் பழக்கமுள்ளவர்களைக் காலையிலேயே விசாரித்து, நீண்ட நேரம் காக்க வைக்காமல் முதலில் முடித்துவிடலாம். யாராவது சரிந்தால் எல்லோரும் பார்க்க வராந்தாவில் ஓடுவதற்குப் பதில், அந்தப் பாயில் அமைதியாகப் படுக்க வைத்துவிட்டால் இரண்டாவது ஆள் விழுவது குறையும்.

அடுத்த ஊசி

ஒரு முறை மயங்கியதால் அடுத்த தவணையைத் தவிர்க்க வேண்டியதில்லை. “இந்த ஊசி உனக்கு ஒத்துக்காது” என்று முத்திரை குத்திவிட்டால், நாளைக்கு நாய் கடித்து வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டிய நேரத்திலும் அந்தப் பிள்ளை ஓடும். போன தடவை எத்தனை நிமிடத்தில் மயங்கினார், படுத்ததும் தெளிந்தாரா, உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்று குறித்து வைத்து, அடுத்த முறை ஊசி போடுகிறவரிடம் சொன்னால் போதும். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

ஊசியோடு மட்டும் வரும் இந்த மயக்கத்துக்கு ஸ்கேன், இ.சி.ஜி. என்று எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று விழுந்தால், மயங்குவதற்கு முன் நெஞ்சு வலித்தாலோ தாறுமாறாகத் துடித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அது வேறு கதை. அங்கே இதயத்தைச் சோதிக்க வேண்டும். விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தால், அன்று முழுக்கத் தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் வருகிறதா என்று கவனித்து, ஒன்று தென்பட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.